கழுத்து, வயிறு, உயரம்: ஓர் அளவு நாடாவின் வரலாறும் எல்லையும்

பெங்களூரின் தென்கிழக்கு விளிம்பில், ஓசூர் சாலையை ஒட்டி, பொம்மசந்திரத் தொழிற்பேட்டைக்கு அருகே அமைந்துள்ளது ஹெப்பகோடி. அங்கு வாழும் ஓர் ஆணைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். வயது முப்பத்தைந்து. உயரம் 170 செ.மீ., எடை 68 கிலோ. நாள் முழுவதும் அமர்ந்து பணிபுரிபவர். தையற்காரரின் இஞ்ச் டேப்பைக் கொண்டு கழுத்தை அளக்கிறார்: 37 செ.மீ. தொப்புள் மட்டத்தில் வயிற்றை அளக்கிறார்: 88 செ.மீ. இம்மூன்று எண்களையும் கைப்பேசியில் உள்ள ஒரு கணிப்பானில் இட்டதும், அவரது உடற்கொழுப்பு 20.8 விழுக்காடு என்று விடை வருகிறது.

தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் வரை துல்லியம் காட்டும் இந்த விடை, அவரது உடலிலிருந்து மட்டும் பிறந்ததன்று. நாடா கொழுப்பை அளப்பதில்லை; சுற்றளவைத்தான் அளக்கிறது. சுற்றளவிலிருந்து உடலின் அடர்த்தி ஊகிக்கப்படுகிறது. அடர்த்தியிலிருந்து கொழுப்பு ஊகிக்கப்படுகிறது. இவ்விரு ஊகங்களுக்கும் அடிப்படையாக நின்ற உடல்கள் வேறொரு நாட்டில், வேறொரு தேவைக்காக அளக்கப்பட்டவை. 20.8 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை அறிய, அந்த இரு படிகளும் எவ்வாறு உருவாயின என்று பார்ப்பது அவசியமாகிறது.

முதற்படியின் கதை நீர்த்தொட்டியில் தொடங்குகிறது. 1942-ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கேயும் அவருடைய கூட்டாளிகளும் நலமான ஆண்களின் உடலடர்த்தி குறித்த கட்டுரைகளை அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றில், வெல்ஹாம் என்பவருடன் இணைந்து, இருபத்தைந்து தொழில்முறைக் கால்பந்து வீரர்களை அவர் ஆராய்ந்திருந்தார். அக்காலத்து உயர–எடை அட்டவணையின்படி அவர்களுள் பதினேழு பேர் அளவுக்கு மீறிய எடையினர், படைப்பணிக்குத் தகுதியற்றவர்கள். ஆனால் நீருக்குள் எடையிட்டுப் பார்த்தபோது அவர்களது உடல்கள் மிகுந்த அடர்த்தி கொண்டவையாக இருந்தன. அந்த எடை கொழுப்பன்று, தசை. தராசும் அளவுகோலும் மட்டும் உடலின் உள்ளடக்கத்தைச் சொல்லமாட்டா என்பதற்கு இது அசைக்க முடியாத சான்றாயிற்று.

நீருக்குள் எடையிடும் முறை ஆர்க்கிமிடீசின் பழைய தத்துவத்தையே பின்பற்றுகிறது. ஒருவரை நிலத்தில் எடையிட்டு, பின்னர் முழுவதும் நீரில் மூழ்கச் செய்து மீண்டும் எடையிட்டால், அவரது உடலின் கன அளவு கிடைக்கும். எடையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. ஆனால் மூச்சு முழுவதையும் வெளியேற்றிய பின்னும் நுரையீரலில் ஒரு லிட்டருக்கு மேல் காற்று தங்கியிருக்கும். அதைத் தனியே அளந்து கழிக்க வேண்டும். எழுபது கிலோ எடையுள்ள ஒருவரிடம் அந்தக் காற்றின் அளவீட்டில் 100 மில்லிலிட்டர் பிழைத்தாலே, முடிவில் கொழுப்பு விழுக்காடு ஏறக்குறைய 0.7 புள்ளி மாறிவிடும். ஆகவே, நாடாவுக்கு உரைகல்லாக நின்ற முறையும் பிழையற்றதன்று.

அடர்த்தி கிடைத்துவிட்டது, அதைக் கொழுப்பாக மாற்றுவது எப்படி? இதற்கு விடையளித்தவர்களுள் பெர்க்கிலியில் பணியாற்றிய உயிர் இயற்பியலாளர் வில்லியம் சிரி முக்கியமானவர். அவர் உடலை இரண்டே கூறுகளாகப் பிரித்தார்: கொழுப்பு, கொழுப்பல்லாத எஞ்சிய பகுதி. கொழுப்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராம், எஞ்சிய பகுதியின் அடர்த்தி 1.1 கிராம். இவ்விரு எண்களையும் மாறிலிகளாகக் கொண்டால், 495-ஐ அடர்த்தியால் வகுத்து 450-ஐக் கழிக்கும் எளிய சமன்பாடு பிறக்கிறது. கொழுப்பின் அடர்த்தி மனிதருக்கு மனிதர் அதிகம் மாறுவதில்லை. ஆனால் எஞ்சிய பகுதி என்பது நீர், புரதம், எலும்புத் தாது ஆகியவற்றின் கலவை. அது எல்லா மனிதர்க்கும் 1.1 தான் என்பது நிறுவப்பட்ட உண்மையன்று, வசதிக்காகக் கொள்ளப்பட்ட கருதுகோள்.

நீர்த்தொட்டி ஆய்வகத்திற்குள்தான் இருக்க முடியும். படைத்தளம்தோறும் கப்பல்தோறும் அதைக் கொண்டு செல்ல இயலாது. 1981-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, படையினரின் தகுதியை எடையை மட்டும் கொண்டு தீர்மானிக்காமல் உடற்கொழுப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. அப்போது ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. இலட்சக்கணக்கானோரை ஆண்டுதோறும் அளக்க வேண்டும். அளப்பவர் பயிற்சி குறைந்த சாதாரணப் படைவீரராக இருப்பார். கருவி மலிவாகவும் உடையாததாகவும் இருத்தல் வேண்டும். தோல்மடிப்பைக் கவ்வி அளக்கும் இடுக்கிக்குத் தேர்ந்த கை தேவை. நாடாவுக்கு அவ்வளவு தேர்ச்சி வேண்டியதில்லை. கடற்சார் காலாட்படையினருக்காக ரைட், டாட்சன், டேவிஸ் ஆகியோர் ஏற்கெனவே கழுத்தையும் வயிற்றையும் கொண்டு ஒரு சமன்பாட்டை அமைத்திருந்தனர். அந்த வழியையே மேலும் செம்மைப்படுத்தும் பணி சான் டியாகோவில் உள்ள கடற்படைச் சுகாதார ஆராய்ச்சி மையத்தில் நடந்தது.

அங்குப் பணிபுரிந்த ஜேம்ஸ் ஹாட்ஜ்டன், மார்சி பெக்கெட் ஆகிய இருவரும் 1984-இல் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டனர். ஒன்று ஆண்களுக்கு, மற்றொன்று பெண்களுக்கு. கடற்படையைச் சேர்ந்த 602 ஆண்களும் 214 பெண்களும் நீருக்குள் எடையிடப்பட்டனர். உடலின் பல இடங்களில் நாடாவால் அளக்கப்பட்டனர். எந்தச் சுற்றளவுகள் அடர்த்தியை நன்கு முன்னறிவிக்கின்றன என்று புள்ளியியல் முறைப்படி தேர்ந்தெடுத்தபோது, ஆண்களுக்கு எஞ்சியவை வயிறு, கழுத்து, உயரம் ஆகிய மூன்றே. பெண்களுக்கு இடுப்புப் புட்டச் சுற்றளவும் தேவைப்பட்டது. அவர்கள் உடலில் கொழுப்பு தங்கும் இடங்கள் வேறு என்பதே காரணம். ஆண்களுக்கான சூத்திரம் சென்டிமீட்டர் அளவில் இவ்வாறு அமைந்தது:

```
D = 1.0324 - 0.19077 * log10(A - N) + 0.15456 * log10(H)
F = 495 / D - 450
```

இதில் A தொப்புள் மட்டத்து வயிற்றுச் சுற்றளவு, N கழுத்துச் சுற்றளவு, H உயரம், D உடலடர்த்தி, F கொழுப்பு விழுக்காடு. இரண்டாம் வரி சிரியின் சமன்பாடேயன்றி வேறன்று.

கழுத்து ஏன் கழிக்கப்படுகிறது என்பது பலருக்கும் புதிராகத் தோன்றும். வயிறு பருப்பதற்கு இரு காரணங்கள் உண்டு: ஒருவர் இயல்பிலேயே பெரிய உடற்கட்டு உடையவராக இருக்கலாம், அல்லது கொழுப்பு சேர்ந்திருக்கலாம். வயிற்றை மட்டும் பார்த்தால் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. கழுத்தோ பெரும்பாலும் தசையாலும் எலும்பாலும் ஆனது. உடற்கட்டின் பருமனுக்கு ஒரு சாட்சி. எனவே வயிற்றிலிருந்து கழுத்தைக் கழித்தால், உடற்கட்டின் பங்கு நீங்கி, கொழுப்பின் பங்கு ஓரளவு தனித்து நிற்கும். பென்கே ஆராய்ந்த கால்பந்து வீரரின் தடித்த கழுத்து இச்சூத்திரத்தில் அவருக்குத் துணைநிற்கிறது. எடை அட்டவணை செய்த அநீதியை நாடா இவ்வழியில் ஓரளவு சரிசெய்தது.

இப்போது ஹெப்பகோடிக் கணக்கிற்குத் திரும்பலாம். வயிறு 88, கழுத்து 37; வேறுபாடு 51. அதன் பத்தடி மடக்கை 1.7076. உயரம் 170-இன் மடக்கை 2.2304. இவற்றைச் சூத்திரத்தில் இட்டால் அடர்த்தி 1.0514. சிரியின் சமன்பாடு அதை 20.8 விழுக்காடாக மாற்றுகிறது. கணக்கு பிழையற்றது. ஆயினும் உள்ளே சென்ற எண்களில் சிறு மாற்றம் நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க வேண்டும்.

கழுத்து 37 அன்று, 36 என்று அளக்கப்பட்டால் விடை 21.5. வயிறு 88 அன்று, 90 என்றால் 22.2. அதாவது, இந்த உடலளவில் வயிற்றிலோ கழுத்திலோ ஒரு சென்டிமீட்டர் பிறழ்ந்தால் விடை ஏறக்குறைய 0.7 புள்ளி நகர்கிறது. உயரம் அவ்வளவு உணர்ச்சி மிக்கதன்று. காலணியோடு நின்று 173 என்று அளந்தாலும் விடை 20.3 ஆகத்தான் குறையும். ஆகவே கவனம் முழுவதும் வயிற்றின் மீதும் கழுத்தின் மீதும் இருத்தல் வேண்டும்.

இந்தியச் சூழலில் அடிக்கடி நேரக்கூடிய பெரும்பிழை ஒன்றுண்டு. வயிற்றளவு கேட்கப்படும்போது பலர் தம் கால்சட்டை அளவையே எழுதிவிடுவர். தொப்பை உள்ளவர்கள் கால்சட்டையைத் தொப்புளுக்குக் கீழே இறக்கித்தான் அணிகின்றனர். 88 செ.மீ. வயிறுள்ள அதே மனிதர் 32 அங்குலக் கால்சட்டை அணிபவராக இருக்கக்கூடும். அது 81 செ.மீ. அந்த எண்ணை இட்டால் விடை 15.4 விழுக்காடு என வரும். ஐந்து புள்ளிக்கும் மேலான கொழுப்பு ஒரு சொல்லின் மயக்கத்தால் காணாமற்போகிறது. இடை என்றால் தொப்புள் மட்டமா, விலா எலும்புக்குக் கீழே உள்ள மிகக் குறுகிய இடமா, கால்சட்டை நிற்கும் இடமா என்ற தெளிவு இல்லாதபோது சூத்திரத்தைக் குறைசொல்வதில் பொருளில்லை. ஹாட்ஜ்டன், பெக்கெட் சூத்திரத்தில் ஆண்களுக்குத் தொப்புள் மட்டமும், பெண்களுக்கு மிகக் குறுகிய இடமும் கொள்ளப்படுகின்றன.

சரியாக அளக்கும் முறை கடினமன்று. நாடா தரைக்கு இணையாக, தோலைத் தொட்டபடி, ஆனால் தோலை அழுத்தாமல் நிற்க வேண்டும். வயிற்றை உள்ளிழுக்காமல், இயல்பாக மூச்சு விட்ட முடிவில் படிக்க வேண்டும். கழுத்துக்கு, குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே நாடாவைச் சுற்ற வேண்டும், தோள்களை உயர்த்தலாகாது. தையற்காரரின் துணி நாடா பல ஆண்டுப் பயன்பாட்டில் நீண்டுவிடும் இயல்புடையது. நீண்ட நாடா குறைவாகக் காட்டும். ஓர் எஃகு அளவுகோலின் அருகே வைத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும். அடுத்தடுத்து எடுத்த இரு அளவுகள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் மூன்றாவதாக ஒன்று எடுப்பதே முறை.

இவ்வளவும் பிழையின்றி நிகழ்ந்ததாகவே கொள்வோம். அப்போதும் ஓர் எல்லை எஞ்சி நிற்கிறது. அது அளப்பவரின் கையில் இல்லை, சூத்திரத்திற்குள்ளேயே இருக்கிறது. தம் ஆண்கள் சூத்திரத்தின் திட்டப்பிழை ஏறக்குறைய 3.5 புள்ளி என்று ஹாட்ஜ்டனும் பெக்கெட்டும் தாமே அறிவித்திருந்தனர்; பெண்களுக்கு 3.7. இதன் பொருள் இது: நாடா 20.8 என்று காட்டும் ஆண்களை நீர்த்தொட்டியில் இட்டால், மூவருள் இருவர் 17.3-க்கும் 24.3-க்கும் இடையில் இருப்பர். இருபதுபேரில் ஒருவர் 14-க்குக் கீழோ 28-க்கு மேலோ கூட இருக்கலாம். ஒரே கழுத்து, ஒரே வயிறு, ஒரே உயரம் கொண்ட இருவர் உண்மையில் இவ்வளவு வேறுபடக்கூடும். இத்தகைய சூத்திரங்களின் பொது இயல்பு ஒன்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்: அவை எல்லோரையும் சராசரியை நோக்கி இழுக்கும். மிக மெலிந்தவருக்குச் சற்றுக் கூட்டியும், மிகக் கொழுத்தவருக்குச் சற்றுக் குறைத்தும் விடை தரும்.

ஒரு கூட்டத்தின் சராசரியை அறிய விரும்பும் ஆய்வாளருக்கு இப்பிழை பெரிதன்று. மேலும் கீழுமாக அவை ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். ஒரு தனிமனிதரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் இடத்தில்தான் அது பெரிதாகிறது. 2002-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இச்சுற்றளவுச் சூத்திரங்களை எல்லாப் படைப்பிரிவுகளுக்கும் பொதுவாக்கியது; ஆண்களுக்கான உச்சவரம்பைப் பிரிவுகள் 18 முதல் 26 விழுக்காட்டிற்குள் வகுத்துக்கொள்ளலாம், பெண்களுக்கு 26 முதல் 36. வரம்பைத் தாண்டியவர் பதவி உயர்வை இழக்கலாம். தொடர்ந்து தாண்டினால் பணியையே இழக்கலாம். நாடா 24 என்று காட்டிய ஒருவரின் உண்மை அளவு 20 ஆகவும் இருக்கலாம் என்ற நிலையில், அந்த வரம்பு கோடாக அன்றி மூட்டமாகவே நின்றது.

இதுவரை சொன்னவை சான் டியாகோவின் மாலுமிகளுக்கே பொருந்துபவை. இந்திய உடலுக்கு இச்சூத்திரத்தைப் பயன்படுத்தும்போது மற்றோர் ஐயம் எழுகிறது. 2004-ஆம் ஆண்டு லான்செட் இதழில் ஒரு பக்க அளவே கொண்ட ஒரு குறிப்பு வெளியாயிற்று. அதில் புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த ஜான் யட்கினும் அருகருகே நின்ற ஒளிப்படம் இருந்தது. இருவரின் உடல் நிறை குறியீட்டெண்ணும் ஒன்றே: 22.3. ஆனால் எக்ஸ்-கதிர் முறையான டெக்சாவில் அளந்தபோது யட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கினுடையது 21.2 விழுக்காடு. மெலிந்த தோற்றத்துக்குள் மிகுந்த கொழுப்பும் குறைந்த தசையும் கொண்ட இந்திய உடலமைப்பை உலக மருத்துவ உலகின் கண்முன் நிறுத்திய சான்று அது.

எடையும் உயரமும் காணத் தவறிய இந்த வேறுபாட்டை நாடா ஓரளவு காணக்கூடும். ஏனெனில் அது வயிற்றைப் பார்க்கிறது. ஆனால் முழுமையாகக் காணாது. மாலுமிகளிடம் 37 செ.மீ. கழுத்து என்பது அதற்கேற்ற தோளையும் கையையும் தொடையையும் கொண்ட ஓர் உடலைக் குறித்தது. சூத்திரம் கைகால்களை அளக்கவில்லை. கழுத்தைக் கொண்டே அவற்றை ஊகித்துக்கொண்டது. நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் அதே 37 செ.மீ. கழுத்தின் கீழ் மெலிந்த கைகால்கள் இருந்தால், அந்த ஊகம் பொய்த்துவிடும். அவ்வுடலில் தசையின் பங்கு சூத்திரம் எண்ணியதைவிடக் குறைவு. ஆகவே கொழுப்பின் பங்கு 20.8-ஐவிட மிகுதியாக இருக்கவே வாய்ப்பு உண்டு. நாடாவை எவ்வளவு முறை திருப்பிச் சுற்றினாலும் இந்தப் பிழை வெளிப்படாது. ஒவ்வொரு முறையும் அதே எண்ணே வரும். மீண்டும் மீண்டும் ஒரே விடை வருவது துல்லியத்தின் அடையாளமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அப்படியானால் இந்தியர்களை நீர்த்தொட்டியில் இட்டு நாடாவைச் சரிபார்த்துவிடலாமே என்று தோன்றும். அங்கும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தொட்டி தருவது அடர்த்தியை மட்டுமே; அதைக் கொழுப்பாக மாற்றுவது சிரியின் 1.1 என்ற கருதுகோள். ஒருவரின் எலும்புத் தாது குறைவாகவோ நீரின் பங்கு மிகுதியாகவோ இருந்து, கொழுப்பல்லாத பகுதியின் அடர்த்தி 1.095 ஆக இருந்தால் என்ன ஆகும்? அடர்த்தி 1.0514 கொண்ட அவருக்குச் சிரியின் சமன்பாடு 20.8 என்றே கூறும். ஆனால் அவரது உண்மைக் கொழுப்பு 19.1 விழுக்காடாக இருக்கும். மூன்றாம் தசம இடத்தில் நேரும் ஒரு வேறுபாடு ஏறக்குறைய 1.7 புள்ளியை விழுங்கிவிடுகிறது. உரைகல்லே மாற்றுக் குறைந்ததாக இருக்கும்போது பொன்னின் மாற்றை எப்படி அறிவது?

இக்கேள்வியை நேரடியாக எதிர்கொண்ட ஆய்வு ஒன்று ஹெப்பகோடி அமைந்துள்ள அதே பெங்களூரில் நிகழ்ந்தது. கோரமங்களாவில் உள்ள புனித ஜான் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனுரா குர்பாட், ரெபெக்கா குரியன் முதலியோர் பல்லாண்டுகளாக இந்திய உடலின் கூறமைப்பை ஆராய்ந்து வருகின்றனர். எளிய முறைகள் இந்தியப் பெரியவர்களுக்குப் பொருந்துமா என்ற அவர்களது ஆய்வு ஒன்று 1998-இலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்தது. 2014-இல் அதே இதழில் வெளியான மற்றோர் ஆய்வில் அவர்கள் உடலை இரண்டாக அன்றி நான்கு கூறுகளாகப் பிரித்தனர். உடலடர்த்தி, உடல்நீர், எலும்புத் தாது ஆகியவற்றைத் தனித்தனியே அளந்தால், கொழுப்பல்லாத பகுதி 1.1 தான் என்று எண்ணிக்கொள்ளத் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் அதை நேரடியாகவே கணக்கிடலாம். அந்த நாற்கூறு அளவீட்டை உரைகல்லாகக் கொண்டு, காற்று இடப்பெயர்ச்சி முறை, டெக்சா, தோல்மடிப்பு, மின்தடை முறை ஆகிய நான்கையும் அவர்கள் ஒப்பிட்டனர். கழுத்து–வயிற்று நாடாச் சூத்திரம் அந்தப் பட்டியலில் இல்லை. உடற்பயிற்சிக் கூடங்களும் கைப்பேசிச் செயலிகளும் இந்திய உடலுக்குத் தயங்காமல் பயன்படுத்தும் சூத்திரம், அந்த உரைகல்லின் முன் நிறுத்தப்பட்டவற்றுள் ஒன்றன்று.

நாடாவின் பிறப்பிடத்திலும் இதனிடையே ஐயம் வலுத்தது. அமெரிக்கத் தரைப்படை தன் வீரர்களை மீண்டும் விரிவாக அளந்து, 2023 ஜூனில் புதிய முறை ஒன்றை அறிவித்தது. அதில் கழுத்து நீக்கப்பட்டது, உயரமும் நீக்கப்பட்டது. தொப்புள் மட்டத்து வயிறும் எடையும் மட்டும் எஞ்சின. ஆண்களுக்கான புதிய சூத்திரம், வயிற்றை அங்குலத்திலும் எடையைப் பவுண்டிலும் கொண்டு, இவ்வாறு அமைகிறது:

```
F = -26.97 - 0.12 * W + 1.99 * A
```

இதில் W எடை, A வயிறு. ஹெப்பகோடி மனிதரின் 68 கிலோ என்பது 150 பவுண்டு, 88 செ.மீ. என்பது 34.65 அங்குலம். விடை 24.0 விழுக்காடு. அதே மனிதர், அதே நாள், அதே நாடா; பழைய சூத்திரம் 20.8 என்றது, புதியது 24.0 என்கிறது. எடை இங்குக் கழிக்கப்படுவதைக் கவனிக்க வேண்டும். வயிறு ஒன்றாகவே இருக்கும்போது எடை கூடியவருக்கு அந்தக் கூடுதல் தசையில் இருப்பதாகச் சூத்திரம் கொள்கிறது; எடை குறைந்தவருக்குக் கைகால்களில் தசை இல்லை என்று கொள்கிறது. கழுத்து சொல்லத் தவறிய செய்தியை எடை ஓரளவு சொல்கிறது. எனினும் இதுவும் அமெரிக்கப் படைவீரரிடமிருந்து பெறப்பட்டதே, எனவே 24.0 தான் உண்மை என்று முடிவுகட்டவும் இடமில்லை. இரு விடைகளும் முன்பு சொன்ன 17.3–24.3 என்ற இடைவெளிக்குள்ளேயே அடங்குகின்றன என்பதே இங்குக் கிடைக்கும் பாடம். நாடாவில் தவறிய வீரர், வசதி உள்ள தளங்களில், டெக்சா போன்ற கருவியில் மறு அளவீடு கோரலாம் என்ற வழியையும் தரைப்படை அப்போது திறந்து வைத்தது. நாடாவின் சொல்லே இறுதிச் சொல் அன்று என்பதற்கான நிறுவன ஒப்புதலாக அதைக் கொள்ளலாம்.

இவற்றிலிருந்து நாடாவின் இடம் தெளிவாகிறது. ஒரே மனிதர், ஒரே முறையில், சில மாத இடைவெளியில் தம்மையே அளந்துகொள்ளும்போது, சூத்திரத்திற்குள் இருக்கும் நிலையான பிழை இரு முறையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆகவே மாற்றத்தின் திசையை நம்பலாம். அம்மாற்றம் அளவீட்டுப் பிழையைத் தாண்டியதாக இருத்தல் வேண்டும். ஒரு சென்டிமீட்டர் 0.7 புள்ளிக்குச் சமம் என்பதால், ஒரு புள்ளிக்குக் குறைந்த ஏற்ற இறக்கத்திற்குப் பொருள் கற்பித்தல் வீண். இரு வேறு மனிதர்களை ஒப்பிடவும், காப்பீடு, வேலை, மருத்துவ முடிவு ஆகியவற்றுக்கு ஒற்றை எண்ணாகப் பயன்படுத்தவும் அது தகுதியுடையதன்று.

உடல்நலத்தை அறியும் நோக்கத்திற்கு, விழுக்காடாக மாற்றப்படாத வெறும் வயிற்றளவே இந்தியருக்குப் பெரிதும் பயன்படும். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற எல்லை பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் வரையறையிலும் இந்திய மருத்துவர்களின் வழிகாட்டுதலிலும் ஏற்கப்பட்டுள்ளது. அந்த அளவீட்டுக்கு மட்டும் நாடாவை விலாவின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே வைக்க வேண்டும். அது கொழுப்பு எத்தனை விழுக்காடு என்று சொல்வதில்லை. நீரிழிவும் இதயநோயும் நெருங்கும் எல்லையை மட்டும் காட்டுகிறது. தொப்புள் மட்டத்தில் 88 செ.மீ. கொண்ட ஹெப்பகோடி மனிதர் அந்த எல்லைக்கு மிக அருகில் நிற்கிறார் என்று கொள்வதே பொருத்தம். அவர் அறிய வேண்டிய செய்தி அது. 20.8 என்ற எண்ணில் உள்ள புள்ளி எட்டு, 602 மாலுமிகளின் சராசரியிலிருந்து வந்து சேர்ந்த அலங்காரம் மட்டுமே.